கடை வாட்ஸ்அப் குரூப்பில் ஷிஃப்ட் மாற்றக் கேட்பது எப்படி: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் சூப்பர் மார்க்கெட்டிலோ ஜவுளிக்கடையிலோ வேலைக்குச் சேர்ந்தால், யூனிஃபார்ம் கைக்கு வருவதற்கு முன்பே கடையின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். சனிக்கிழமை இரவு அதில் டூட்டி சார்ட்டின் போட்டோ வரும். அடுத்த பத்தாவது நிமிடம் "யாராவது மாத்திக்க முடியுமா?" என்று ஒருவர் கேட்பார். இரண்டு பேர் கட்டைவிரல் போடுவார்கள், ஒருவர் "பாக்குறேன்" என்பார், நடுவில் யாரோ காலை வணக்கம் படம் அனுப்புவார்கள். குறிப்பிட்ட நாள் காலை எட்டரைக்கு ஷட்டர் தூக்கும்போது பில்லிங்கில் ஆள் இருக்காது. கேட்டவர் "அவங்க வர்றதா சொன்னாங்க" என்பார். அவங்களோ "பாக்குறேன்னுதானே சொன்னேன்" என்பார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கும்.

இந்தக் குழப்பம் வராமல் ஷிஃப்ட் மாற்றுவது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கடையை வைத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் நடுத்தர அளவு சூப்பர் மார்க்கெட். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் காலை 8:30 முதல் மாலை 5:30 வரை. செகண்ட் ஷிஃப்ட் பகல் 12:30 முதல் இரவு 9:30 வரை. இரண்டிலும் நடுவே ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் பில்லிங்கில் இரண்டு பேர். உங்கள் கடையின் நேரம் வேறாக இருக்கலாம், முறை ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி: இன்சார்ஜ் குரூப்பில் உறுதி செய்யும்வரை, சார்ட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையதுதான் அந்த டூட்டி. யார் என்ன சொல்லியிருந்தாலும் சரி.

1. கேட்பதற்கு முன் சார்ட்டைப் பாருங்கள்

பழைய சார்ட்டை வைத்துக்கொண்டு கேட்பது அதிகம் நடக்கிற தவறு. சனிக்கிழமை ஒரு சார்ட் வரும், திங்கட்கிழமை யாராவது விடுப்பு எடுத்ததும் அதில் பேனாவால் திருத்தி மறுபடி ஒரு போட்டோ வரும். உங்கள் போன் கேலரியில் இரண்டும் இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால் கேட்பதற்கு முன் குரூப்பில் பின் செய்து வைத்திருக்கும் சார்ட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் குரூப்பில் அந்தப் பழக்கம் இல்லையென்றால் இன்சார்ஜிடம் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று பின் செய்யலாம். வாரச் சார்ட்டுக்கு 7 நாள் சரியாக இருக்கும். புதுச் சார்ட் வந்தால் பழையதை எடுத்துவிட வேண்டும். இரண்டும் மேலே நின்றால் பின் செய்ததே வீண்.

சார்ட்டில் மூன்றைப் பாருங்கள்: மாற்ற நினைக்கும் நாளில் உங்கள் ஷிஃப்ட், அதற்கு முந்தைய நாள், அதற்கு மறுநாள். முந்தைய நாளும் மறுநாளும் எதற்கு என்றால், இரவு 9:30-க்குக் கடை அடைத்துவிட்டு மறுநாள் 8:30-க்குத் திறக்க வருகிற நிலைமையில் யாரையும் தெரியாமல் மாட்டிவிடாமல் இருக்க. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்க 11 மணி ஆகிவிடும். சிலர் சரி என்பார்கள், ஆனால் அது தெரிந்து சொன்ன சரியாக இருக்க வேண்டும்.

2. யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது

ஒரே வேலை பார்ப்பவர்களுக்குள்தான் மாற்றிக்கொள்ள முடியும். பில்லிங்குக்கு பில்லிங், காய்கறிக்குக் காய்கறி, குடோனுக்குக் குடோன். "ஒரு நாள்தானே, ஃப்ளோர் தம்பி பில் போடட்டும்" என்று செய்யும் இடங்களில்தான் பணப் பிரச்சினை வருகிறது. பில்லிங் செய்பவருக்குத் தனி லாகின் இருக்கும். அந்தத் தம்பிக்கு லாகின் இல்லாததால் உங்கள் லாகினில் பில் போடுவார். இரவு கேஷ் டேலி ஆகாமல் 340 ரூபாய் குறைந்தால் கணக்கில் உங்கள் பெயர்தான் நிற்கும், நீங்கள் அன்று கடைக்கே வராவிட்டாலும். ஆகவே லாகினை யாருக்கும் கொடுக்காதீர்கள். லாகின் இல்லாதவரோடு பில்லிங் டூட்டியை மாற்றாதீர்கள்.

சாவி வைத்திருப்பவர்களோடு மாற்றும்போதும் கவனம் தேவை. ஷட்டர் சாவி வைத்திருப்பவரின் காலை டூட்டியை நீங்கள் எடுத்தால் சாவியையும் முதல் நாள் இரவே வாங்க வேண்டும். இல்லையென்றால் பால் வண்டி வந்து வாசலில் நிற்க, எல்லோரும் வெளியே நிற்பீர்கள்.

இன்னொன்று, குரூப்பில் பொதுவாகக் கேட்பதற்கு முன் உங்களுக்குத் தோதான ஒருவரிடம் தனியாகப் பேசிவிடுவது நல்லது. எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்வது பலருக்குக் கஷ்டம், அதுவும் புதிதாக வந்த பெண்களுக்கு. மூத்தவர் கேட்டால் வேண்டாவெறுப்பாகச் சரி என்பார்கள், காலையில் போனை எடுக்க மாட்டார்கள். தனியாகக் கேளுங்கள், ஒத்துக்கொண்டால் குரூப்பில் போடுங்கள். தனியாகப் பேசியதோடு நிறுத்திவிடுவதும் தப்பு. இன்சார்ஜுக்குத் தெரியாத மாற்றம் மாற்றமே இல்லை.

3. கேட்கும் செய்தியை எப்படி எழுதுவது

கவிதா பில்லிங்கில் இருக்கிறார். 14-ம் தேதி வெள்ளிக்கிழமை அவருக்குச் செகண்ட் ஷிஃப்ட். அன்று மாலை அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. அவர் போட வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்:

"ஷிஃப்ட் மாற்றம் – கவிதா, பில்லிங்.
என் டூட்டி: 14 வெள்ளி, செகண்ட் (12:30 – 9:30).
எனக்கு வேண்டியது: 14 வெள்ளி, ஃபர்ஸ்ட் (8:30 – 5:30).
முடிகிறவர்கள் 11 செவ்வாய் இரவு 8 மணிக்குள் சொல்லுங்கள்."

நாலு வரி போதும். ஒவ்வொன்றும் இருப்பதற்குக் காரணம் உண்டு.

தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். தேதியைத் தப்பாகப் போட்டாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். "நாளைக்கு" என்று எழுதவே எழுதாதீர்கள். இரவு 11:50-க்கு நீங்கள் "நாளைக்கு" என்று போட்டதை ஒருவர் 12:15-க்குப் படித்தால் அவருக்கு அது வேறு நாள். "அடுத்த ஞாயிறு" என்பதும் அப்படித்தான். வருகிற ஞாயிறு என்று பாதிப் பேரும், அதற்கு அடுத்தது என்று மீதிப் பேரும் எடுத்துக்கொள்வார்கள்.

ஷிஃப்ட்டின் பெயரோடு நேரத்தையும் போடுங்கள். பண்டிகைக் காலத்தில் கடை நேரம் நீளும்போது "செகண்ட்" பத்தரை வரை போகும். அது தெரியாமல் ஒத்துக்கொண்டவர் ஒன்பதரைக்குப் பையை எடுத்துக்கொண்டு நிற்பார்.

பெயரோடு பிரிவையும் எழுதுங்கள். ஒரே கடையில் இரண்டு செல்வி, மூன்று கார்த்திக் இருப்பது நம் ஊரில் சாதாரணம். குரூப்பில் உங்கள் பெயராக "அம்மாவின் செல்லம்" என்று வருகிறதென்றால் இன்னும் மோசம்.

கெடு நேரம் முக்கியம். கெடு இல்லாத வேண்டுகோள் குரூப்பில் மிதந்துகொண்டே இருக்கும். வியாழன் இரவு ஒருவர் "நான் வரேன்" என்பார், அதற்குள் நீங்கள் வேறு ஏற்பாடு செய்திருப்பீர்கள். டூட்டிக்கு 48 மணி நேரம் முன்பாவது முடிவாகிவிடும்படி கெடு வையுங்கள். அதற்கு மூன்று நான்கு நாள் முன்பே கேட்டுவிட வேண்டும்.

காரணத்தை எழுத வேண்டுமா? தேவையில்லை. "வீட்டு விசேஷம்" என்று ஒரு சொல் போட்டால் போட்டது. ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் முப்பது பேர் படிக்கிற இடத்தில் எதற்கு? அடிக்கடி மாற்றக் கேட்பவர்தான் காரணத்தை நீட்டி நீட்டி எழுதுவார், அதைப் படித்து யாரும் மனம் இளகுவதில்லை.

வாய்ஸ் மெசேஜாகக் கேட்காதீர்கள். கடைக்குள் யாரும் சத்தமாகப் போட்டுக் கேட்க முடியாது. பிறகு தேடிப் பார்க்கவும் முடியாது. வாக்கெடுப்பு போடுவதும் வேண்டாம். மூன்று பேர் "முடியும்" என்று அழுத்தினால், மூன்று பேரும் மற்ற இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள்.

4. எது ஒப்புதல், எது இல்லை

கட்டைவிரல் ஒப்புதல் அல்ல. "பார்த்தேன்" என்பதற்கும் அதைத்தான் போடுகிறார்கள், "சரி" என்பதற்கும் அதைத்தான் போடுகிறார்கள். போட்டதைப் பிறகு சத்தமில்லாமல் எடுத்துவிடவும் முடியும். "பாக்குறேன்", "ட்ரை பண்றேன்", "வந்தா வரேன்" இவை எல்லாமே முடியாது என்பதற்குச் சமம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடுங்கள். இதில் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஒப்புதல் என்றால் இப்படி இருக்க வேண்டும். கவிதாவின் செய்தியையே இழுத்து, அதற்குப் பதிலாக மீனா எழுதுகிறார்:

"கவிதா அக்கா, 14 வெள்ளி செகண்ட் நான் வர்றேன். என் ஃபர்ஸ்ட்டை நீங்க பாத்துக்குங்க. – மீனா, பில்லிங்."

ஒப்புக்கொள்பவர் தேதியையும் ஷிஃப்ட்டையும் தன் வாயால் திரும்பச் சொல்கிறார், அதுதான் விஷயம். "ஓகேக்கா" என்று மட்டும் போட்டால், அவர் மனதில் 15-ம் தேதி இருந்தாலும் யாருக்கும் தெரியாது. திரும்ப எழுதும்போதுதான் "ஐயோ, அன்னைக்கு எனக்கு ஆஃப் ஆச்சே" என்று அவருக்கே உறைக்கும்.

இரண்டு பேர் வருகிறேன் என்றால் முதலில் தெளிவாக எழுதியவருக்கே கொடுங்கள். இன்னொருவருக்கு, "மல்லிகா அக்கா, மீனா எடுத்துக்கிட்டாங்க, நீங்க உங்க டூட்டியிலேயே இருங்க" என்று பெயர் சொல்லிப் பதில் போடுங்கள். இதை விட்டுவிட்டால் அன்று பில்லிங்கில் மூன்று பேர் வந்து நிற்பார்கள், இன்னொரு ஷிஃப்ட்டில் ஒருவர் குறைவார்.

5. முடித்துவைக்கும் செய்தி

இன்சார்ஜ் வெறுமனே "ஓகே" என்றால் எதற்கு ஓகே என்று பிறகு சண்டை வரும். அவர் போட வேண்டியது முடிவான நிலை:

"14 வெள்ளி பில்லிங்: ஃபர்ஸ்ட் – கவிதா. செகண்ட் – மீனா. சார்ட்டில் மாற்றியாச்சு."

இந்த ஒரு செய்தியை மட்டும் படித்தாலே அன்று யார் எப்போது வருகிறார்கள் என்று தெரிய வேண்டும். இன்சார்ஜுக்கு நேரமில்லை என்றால் நீங்களே இந்த வரியை எழுதி, "சார், சரியா?" என்று அவரை டேக் செய்து கேளுங்கள். அவர் "சரி" என்று அதற்குப் பதில் போட்டால் போதும். அவருக்கும் வேலை மிச்சம்.

கெடு தாண்டியும் அவரிடமிருந்து பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள். நீல டிக் விழுந்ததை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போனில் சரி சொன்னால், "சார் போனில் சரி சொன்னார், 11 செவ்வாய் இரவு 8:20" என்று குரூப்பில் பதிந்துவிடுங்கள். தவறாக இருந்தால் அவரே திருத்துவார்.

தேவை இல்லாமல் போய்விட்டால் பழைய செய்தியை அழிக்காதீர்கள். நீங்கள் அழித்தாலும், மீனாவின் பதில் குரூப்பில் நிற்கும், யார் எதற்கு வருகிறேன் என்றார் என்று புரியாது. "தேவை முடிந்தது, சார்ட்டில் உள்ளபடியே வருகிறேன்" என்று புதிதாக எழுதுங்கள். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்த வாட்ஸ்அப் விடும். எழுத்துப் பிழைக்கு அதைப் பயன்படுத்துங்கள், தேதிக்கு வேண்டாம். முதலில் படித்தவர் பழைய தேதியைத்தான் மனதில் வைத்திருப்பார். குரூப்பில் தானாக மறையும் செய்திகள் அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்றும் ஒரு தரம் பாருங்கள். 24 மணி நேரத்தில் மறைகிற குரூப்பில் ஷிஃப்ட் பேசினால் சம்பள நாளில் காட்ட ஒன்றும் இருக்காது.

மீனா தான் எடுத்த டூட்டியை மறுபடி வேறொருவருக்குக் கொடுக்க நினைத்தால்? முடித்துவைக்கும் செய்தி வந்துவிட்டதால் இப்போது அது மீனாவின் டூட்டி. கவிதாவுக்கு அதில் பொறுப்பு இல்லை. மீனா புதிதாக ஒரு வேண்டுகோள் போட்டு, முதலிலிருந்து எல்லாப் படியும் தாண்ட வேண்டும்.

6. வார ஆஃப் மாற்றுவது வேறு கணக்கு

ஒரே நாளுக்குள் ஃபர்ஸ்ட், செகண்ட் மாற்றிக்கொண்டால் யாருக்கும் மணிக்கணக்கு மாறாது. ஆஃப் மாற்றினால் மாறும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. ஒவ்வொரு வாரமும் ஒரு முழு நாள் விடுமுறை. இதை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள். கடையில் வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை.

செல்விக்கு வியாழன் ஆஃப்: 6, 13, 20 தேதிகள். முருகனுக்கு ஞாயிறு ஆஃப்: 9, 16, 23. செல்விக்கு 16 ஞாயிறு வேண்டும். முருகன் அதற்குப் பதில் 13 வியாழனை எடுத்துக்கொள்கிறார். இருவருக்கும் 10 முதல் 16 வரையிலான வாரத்தில் ஒரு ஆஃப் இருக்கிறது, கணக்கு சரி. ஆனால் செல்வி 7-ம் தேதியிலிருந்து 15 வரை தொடர்ந்து ஒன்பது நாள் நிற்கிறார். முருகன் 14-லிருந்து 22 வரை ஒன்பது நாள். கால் வலி ஏழாவது நாளில் ஆரம்பித்துவிடும். தெரிந்தே செய்தால் தப்பில்லை. எட்டாவது நாள் "என்னால முடியல" என்று லீவு போட்டால்தான் எல்லோருக்கும் கஷ்டம்.

வாரம் தாண்டி மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். செல்வி தன் 13 வியாழனையும் வைத்துக்கொண்டு முருகனின் 16 ஞாயிறையும் எடுக்கிறார், பதிலுக்குத் தன் 20 வியாழனைக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்த வாரம் செல்விக்கு இரண்டு ஆஃப், முருகனுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் தலைகீழ். முருகன் 10 முதல் 19 வரை பத்து நாள் தொடர்ந்து நிற்கிறார். 48 மணி நேரக் கணக்கும் உடைகிறது, வார விடுமுறையும் போகிறது. நல்ல இன்சார்ஜ் இதை அனுமதிக்க மாட்டார். மறுத்தால் கோபப்படாதீர்கள். அதே வாரத்துக்குள் மாற்ற வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு ஷிஃப்ட்டும் பார்ப்பதாக ஒத்துக்கொள்வதும் இப்படித்தான். காலை 8:30 முதல் இரவு 9:30 வரை என்றால் 13 மணி நேரம். இடைவேளையையும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்கிறது சட்டம். இதை மாற்றம் என்று போடக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்று இன்சார்ஜிடம் சொல்லி, அவர் ஏற்பாடு செய்ய வேண்டிய விஷயம் இது.

7. இரவு ஷிஃப்ட்டும் கடைசி பஸ்ஸும்

வலங்கைமான், சுவாமிமலை, அய்யம்பேட்டை என்று சுற்று ஊர்களிலிருந்து வருபவர்கள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கேட்டு வாங்குவதற்குப் பாதிக் காரணம் பஸ்தான். ஒன்பதரைக்குக் கடை அடைத்து, கேஷ் டேலி செய்து வெளியே வர 9:50 ஆகும். உங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் செகண்ட் ஷிஃப்ட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது போய்விட்டால் மஃப்சல் பஸ்ஸுக்குக் காசு, ஊருக்குள் அது நிற்காவிட்டால் ஆட்டோவுக்கும் காசு. மாற்றக் கேட்டவர் அந்தச் செலவைத் தருவது மரியாதை. ஆனால் அதை முன்பே பேசிக்கொள்ளுங்கள், மறுநாள் கேட்டால் கசப்பாகும்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளைக் கூடுதல் நேரம் திறக்க அனுமதிக்கும் அரசாணையில், பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலையில் வைக்க அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஃபர்ஸ்ட்டிலேயே இருக்கிற ஒரு பெண் உங்களுக்காகச் செகண்ட் வந்தால், அந்தச் சம்மதக் கடிதம் அவர் கோப்பில் இருக்கிறதா என்று இன்சார்ஜ் பார்க்க வேண்டும். குரூப்பில் "வர்றேன்" என்று போட்டது அதற்கு ஈடாகாது.

8. சம்பளத்தில் கை வைக்காமல் இருக்க

வருகைப் பதிவு மெஷினில் உங்கள் ஷிஃப்ட் முன்பே ஏற்றப்பட்டிருக்கும். கவிதாவுக்கு அன்று 12:30 என்று இருக்கும்போது அவர் 8:25-க்கு விரல் வைத்து 5:35-க்கு வெளியேறினால், சில மென்பொருள்கள் நான்கு மணி நேரம் முன்பே போனதாகக் காட்டும். மீனா 12:20-க்கு வந்தால் அரை நாள் ஆப்சென்ட் ஆகும். சம்பளம் போடுகிறவர் உங்கள் குரூப்பில் இருக்க மாட்டார். அதனால் முடித்துவைக்கும் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை, டூட்டி நாளுக்கு முன்பே கணக்குப் பிரிவுக்கு அனுப்பி ஷிஃப்ட்டை மாற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற சிறு கடை என்றால் அன்றைய வரியிலேயே "மாற்றம்" என்று எழுதி இன்சார்ஜின் சுருக்கக் கையெழுத்து வாங்குங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டைச் சம்பளம் வரும்வரை அழிக்காதீர்கள்.

ஒருவருக்காக இன்னொருவர் விரல் வைப்பது, கார்டு தேய்ப்பது என்ற பேச்சே வேண்டாம். வேலையே போகும்.

ஜவுளிக்கடையில் விற்பனைக்கு இன்சென்டிவ் உண்டு. முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற மாலை நேரத்தைக் கொடுத்துவிட்டு மந்தமான காலையை வாங்குகிறவருக்கு அன்றைய இன்சென்டிவ் குறையும். வந்தவருக்கே அது போகும். பிறகு பங்கு கேட்க முடியாது. கூடுதல் நேரம் நிற்க நேர்ந்தால் சட்டப்படி அதற்கு இரட்டிப்பு விகிதம். நேரம் நின்றவர் பெயரில்தான் அது பதிய வேண்டும்.

9. எந்த நாட்களில் கேட்கவே கூடாது

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், பொங்கலுக்கு முந்தைய வாரம், ஆடித் தள்ளுபடியின் சனி, ஞாயிறுகள். இந்த நாட்களில் பல கடைகளில் மாற்றமே கிடையாது என்று அறிவித்துவிடுவார்கள். அப்போது தவிர்க்கவே முடியாதது இருந்தால் சார்ட் வருவதற்கு முன் இன்சார்ஜிடம் சொல்ல வேண்டும், வந்த பிறகு அல்ல. பெரிய முகூர்த்த நாளில் பாதிப் பேருக்கு எங்காவது கல்யாணம் இருக்கும். காலண்டரைப் பார்த்து மாதம் பிறந்ததுமே கேட்டவர் முந்திக்கொள்வார்.

டெல்டாவுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது: அறுவடை. வீட்டில் வயல் இருப்பவர்களுக்கு அறுவடை மெஷின் என்று வரும் என்று தெரியாது. மழை பெய்தால் தள்ளும். கொள்முதல் நிலையத்தில் நெல்லை இறக்கிவிட்டு எடை போடும் முறைக்குக் காத்திருப்பதும் அப்படித்தான். "வியாழன் அல்லது வெள்ளி இருக்கும்" என்று குரூப்பில் போட்டால் யார் எப்போது வருவது? இதற்கு ஒரு வழிதான் இருக்கிறது. இரண்டு நாளையும் தனித்தனியாக எழுதி, முடிவு சொல்லும் நேரத்தையும் எழுதுங்கள்: "20 வியாழன் ஃபர்ஸ்ட் அல்லது 21 வெள்ளி ஃபர்ஸ்ட், ஏதாவது ஒன்று. எது என்று 19 புதன் மாலை 6 மணிக்குச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் இரண்டு நாளும் நானே வருவேன்." இரண்டு நாளுக்கும் தயாராக இருப்பதாக ஒருவர் ஒத்துக்கொண்டால்தான் இது நடக்கும். அவருக்கு அது பெரிய உதவி. அவர் அடுத்த முறை கேட்கும்போது முதல் ஆளாகப் பதில் போடுங்கள்.

10. அன்று காலையில் முடியாமல் போனால்

காலை ஆறு மணிக்குக் காய்ச்சல் என்றால் அது ஷிஃப்ட் மாற்றம் இல்லை, விடுப்பு. குரூப்பில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. இன்சார்ஜுக்குப் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் மேனேஜருக்கு. ஷட்டர் தூக்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தெரிந்தால், செகண்ட் ஷிஃப்ட்டில் உள்ள ஒருவரை முன்கூட்டி அழைக்க அவருக்கு நேரம் இருக்கும். பேசிய பிறகு குரூப்பில் ஒரே வரி: "இன்று 14 வெள்ளி ஃபர்ஸ்ட் பில்லிங் – கவிதா வரவில்லை, இன்சார்ஜிடம் சொல்லியாச்சு." ஆள் தேடுவது அதன் பிறகு அவர் வேலை. காய்ச்சலில் படுத்துக்கொண்டு ஆளாளுக்குப் போன் போட வேண்டியதில்லை.

அன்று உங்களுக்காக வந்தவரின் டூட்டியைப் பதிலுக்கு நீங்கள் எடுப்பதாக இருந்தால், அதை அன்றே பேசித் தேதி போட்டு, மூன்றாவது படியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். "எப்பவாவது பாத்துக்கலாம்க்கா" என்று விட்டால் மாதக் கடைசியில் அவர் ஒரு கணக்குச் சொல்வார், நீங்கள் ஒரு கணக்குச் சொல்வீர்கள்.